ஆச்சி வைத்த தென்னையும் அறுபது டிகிரியும்

டிசம்பர் கடைசி வாரம், ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அப்பா போன் செய்தார். "வெள்ளிக்கிழமை மரம் வெட்ட ஆள் வரச் சொல்லிருக்கேன். நீ வியாழக்கிழமை வந்துருவல்லா?"

எந்த மரம் என்று கேட்டேன்.

"கெழக்கால நிக்கிற தென்னதான். டிஷ்ஷ மறைக்கி."

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அந்தத் தென்னை ஆச்சி வைத்தது. அப்பாவின் அம்மா. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவுக்கு வெட்டுவதில் விருப்பமே இல்லை. ஆனால் அப்பாவிடம் இரண்டு வருஷத்துக்கான சாட்சியம் இருந்தது. தூறல் விழுந்தால் போதும், படம் கட்டம் கட்டமாக உடையும். கொஞ்சம் வலுத்தால் 'சிக்னல் இல்லை' என்று நீலத் திரை. வெயில் அடித்தால் தானாகத் திரும்பி வரும். மழை வரும்போதெல்லாம் காற்று வருகிறது, காற்றில் தென்னை ஆடுகிறது, தென்னை ஆடும்போது படம் போகிறது. ரிட்டயர் ஆனபிறகு பகல் முழுக்க ஹாலில் உட்கார்ந்திருக்கும் மனிதர், ஜன்னலில் மரத்தையும் டிவியில் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கண்டுபிடித்தது இது. "நீ வேணும்னா மாடில போய்ப் பாரு. டிஷ் நேரா மரத்துலதான் முட்டுது" என்றார்.

வியாழன் மதியம் வீட்டுக்குப் போனதும் மாடி ஏறிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். டிஷ்ஷின் பின்னால் நின்று அதன் முகம் எங்கே பார்க்கிறது என்று கண்ணை ஓட்டினால், பதினொரு மீட்டர் தள்ளி நிற்கும் தென்னையின் கொண்டையில்தான் பார்வை போய் நிற்கிறது. நானும் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

ஆனால் வீட்டில் இருக்கும் டிஷ், தன் முகம் பார்க்கிற திசையைப் பார்ப்பதில்லை. குழப்பம் பூராவும் இங்கேதான் தொடங்குகிறது.

பழைய காலத்துப் பெரிய டிஷ்களில் நடுவில் ஒரு கம்பி நீண்டு, அதன் நுனியில் வாங்கி இருக்கும். அது முகம் பார்க்கிற திசையையே பார்க்கும். இப்போது மாடிகளில் இருப்பவை ஆஃப்செட் டிஷ்கள். பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் எல்என்பி, அதாவது கையின் நுனியில் இருக்கும் அந்த வெள்ளைத் தலை, நடுவில் இல்லாமல் கீழே உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து வரும் அலை சாய்வாக டிஷ்ஷில் பட்டு, சாய்வாகவே கீழே எல்என்பிக்குத் திரும்புகிறது. டிஷ்ஷின் முகம் காட்டும் கோணத்தைவிட உண்மையான பார்வை இருபத்துச் சொச்சம் டிகிரி மேலே இருக்கும்.

எத்தனை டிகிரி என்று தெரிந்துகொள்ள டேப் போதும். எங்கள் டிஷ்ஷின் அகலம் 60 செ.மீ., உயரம் 65 செ.மீ. அது முழு வட்டம் இல்லை என்பதே பலர் கவனிக்காத விஷயம். அகலத்தை உயரத்தால் வகுத்து, அதற்கு காஸ் இன்வர்ஸ் எடுத்தால் கிட்டத்தட்ட 22.6 டிகிரி வரும். இதுதான் ஆஃப்செட். போனில் சாய்வு பார்க்கும் ஆப்பைத் திறந்து, ஒரு நேரான மரச்சட்டத்தை டிஷ்ஷின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் படுமாறு வைத்து அளந்தேன். செங்குத்திலிருந்து 46 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தது. ஆக, முகம் 46 டிகிரி உயரத்தைப் பார்க்கிறது. தென்னையின் மிக உயரமான ஓலை நுனி, டிஷ்ஷிலிருந்து பார்க்க 48 டிகிரி. அப்பாவின் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் டிஷ் உண்மையில் பார்ப்பது 46-உம் 22.6-உம் சேர்ந்த இடத்தை. ஏறக்குறைய 69 டிகிரி.

அங்கே என்ன இருக்கிறது? எங்கள் டிஷ் தேடும் சாட்டிலைட் ஜிசாட்-15. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போனது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 டிகிரி தீர்க்கரேகையில் நிற்கிறது. மேப்பில் நிக்கோபார் தீவுகளிலிருந்து நேர் தெற்கே இறங்கி, பூமத்திய ரேகையைத் தொடும் இடத்தில் அண்ணாந்து பார்த்தால் அது தலைக்கு மேல் இருக்கும். பாளையங்கோட்டை வடக்கே 8.7, கிழக்கே 77.7. இந்த மூன்று எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டால் எலிவேஷன், அதாவது தொடுவானத்திலிருந்து உயரும் கோணம், 69 டிகிரி வருகிறது. டிஷ் சரியாகவே நிற்கிறது.

69 டிகிரி என்பது கிட்டத்தட்ட உச்சி. தென்னை நிற்கும் பதினொரு மீட்டர் தூரத்தில், சாட்டிலைட்டிலிருந்து வரும் கோடு டிஷ்ஷுக்கு மேலே 28 மீட்டர் உயரத்தில் போகிறது. எங்கள் தென்னையின் தலைக்கு மேல் இன்னும் ஒரு தென்னையை நிறுத்தினாலும் எட்டுமா என்பது சந்தேகம். மரம் குற்றவாளி இல்லை.

கீழே வந்து சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார், "அப்போ மழைல எதுக்கு போகுது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் மரத்தைக் காப்பாற்ற முடியாது. ஆள் காலையில் பத்து மணிக்கு வருகிறான்.

மழையில் சிக்னல் போவதற்குக் காரணம் மழைதான். இந்த அலைகளின் நீளம் இரண்டரை செ.மீ. சொச்சம். மழைத்துளிகள் அதை நன்றாகவே உறிஞ்சும், சிதறடிக்கும். ஆனால் ஒழுங்காக வைத்த டிஷ்ஷில் தூறலுக்கெல்லாம் படம் போகக் கூடாது. தூறலுக்கே போகிறதென்றால், வெயில் நாளிலும் அது விளிம்பில்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். டிஜிட்டல் சிக்னலில் பழைய ஆன்டெனா மாதிரி படிப்படியாகப் புள்ளி விழாது. விளிம்பு வரை படம் பளிச்சென்று இருக்கும், விளிம்பைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது. அதனால் வெயிலில் நன்றாகத் தெரிகிறது என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு பட்டைகள். ஸ்ட்ரெங்த் 80, குவாலிட்டி 45. பலர் முதல் பட்டையைப் பார்த்து ஏமாந்து போவார்கள். ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக எவ்வளவு சக்தி வருகிறது என்பது மட்டும். அதில் எல்என்பியின் சொந்த இரைச்சலும் சேர்ந்திருக்கும். டிஷ்ஷை சும்மா வானத்தைப் பார்க்க வைத்தாலும் அது கணிசமாகக் காட்டும். பக்கத்து சாட்டிலைட்டைப் பிடித்தாலும் காட்டும். 93.5-க்கு இரண்டு டிகிரி மேற்கே 91.5-இல் மீசாட் நிற்கிறது, ஒன்றரை டிகிரி கிழக்கே 95-இல் எஸ்இஎஸ்-8. 'ஸ்ட்ரெங்த் வருது, ஆனா சேனல் வரலை' என்று மாடியில் நின்று கத்துகிறவர்கள் பலரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள். நம்ப வேண்டியது குவாலிட்டியை. எங்களுக்கு அது 45. எண் ஒவ்வொரு பாக்ஸுக்கும் மாறும், ஆனால் இதே பாக்ஸில் முன்பு எழுபதுக்கு மேல் பார்த்த ஞாபகம் இருந்தது.

எலிவேஷன் சரி. கம்பம் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்தேன். அப்பாவின் பழைய ரசமட்டத்தை ஜிஐ பைப்பின் இரண்டு பக்கத்திலும் வைத்தேன், குமிழ் நடுவில் நின்றது. இதை விட்டுவிட்டு மற்றதைத் திருகுவதில் பயன் இல்லை. கம்பம் சாய்ந்திருந்தால், டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும்போதெல்லாம் எலிவேஷனும் கூடவே மாறும்.

அடுத்தது அசிமத், வடக்கிலிருந்து கிழக்காக எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பது. கணக்கில் 118. அதாவது நேர் கிழக்கிலிருந்து 28 டிகிரி தெற்கே. போன் காம்பஸை டிஷ்ஷின் கைமேல் வைத்தேன். 97 என்றது. இருபத்தொரு டிகிரி பிசகு! கண்டுபிடித்துவிட்டோம் என்று ஸ்பேனரை எடுத்தேன். போல்ட்டில் மாட்டியபிறகுதான் உறைத்தது. அவ்வளவு பிசகியிருந்தால் குவாலிட்டி 45 எப்படி வரும்? 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலமே மூன்று டிகிரிதான். காம்பஸை நான்கடி தள்ளி வைத்துப் பார்த்தேன், 109. மாடியின் மூலையில், கம்பி வெளியே நீட்டாத இடத்தில், 115. இரும்புக் கைக்குப் பக்கத்தில் வைத்தால் காம்பஸ் இரும்பைத்தான் காட்டும். மொட்டை மாடியில் தளத்துக்குள்ளேயே கம்பி இருக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம்தான். அதைவிடப் பெரிய பிசகு எப்போதும் காலடியில் இருக்கிறது.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, காலையில் சூரியனை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். சூரியன் எந்த நேரத்தில் எந்த அசிமத்தில் இருக்கும் என்பதை ஊரும் தேதியும் கொடுத்தால் எந்த ஆப்பும் சொல்லும். டிசம்பர் கடைசியில் எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்கு ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது சூரியன் சரியாக 118-இல் இருக்கிறது. அந்த நேரத்தில் டிஷ் சரியான திசையில் இருந்தால், எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் நடுக்கோட்டில் விழ வேண்டும்.

வெள்ளி காலை காபியோடு மாடியில் நின்றேன். அப்பாவும் வந்தார். 7:54-க்கு நிழல் நடுக்கோட்டைத் தொட்டது. ஒரு விரல் அகலம்கூட விலகவில்லை. அசிமத்தும் சரி.

"எல்லாம் சரியா இருக்கு, படம் மட்டும் வரல" என்றார் அப்பா. "ஒங்க ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

இப்படித்தான். மூன்று கோணத்தில் மிச்சம் இருந்தது ஒன்று, ஸ்க்யூ. எல்என்பியை அதன் இடத்திலேயே எவ்வளவு முறுக்கி வைக்க வேண்டும் என்பது. அதைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. ஏனென்றால் அந்த எல்என்பியை மாட்டியது நான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இடி விழுந்து பழைய எல்என்பி போய்விட்டது. லீவில் வந்திருந்த நான் புதிது வாங்கி மாற்றினேன். பழையதைக் கழற்றும் முன் அது எந்தக் கோணத்தில் இருந்தது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கழற்றியபிறகு யூடியூபில் தேடினேன். 93.5-க்கு ஒருவர் நிதானமாக, அழகாகக் காட்டியிருந்தார். ஸ்க்யூ 27 டிகிரி. வைத்தேன், படம் வந்தது, ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அவர் மேல் தப்பில்லை. அவர் வீடு டெல்லியில்.

ஸ்க்யூ எதற்கு? இந்த அலைகளை ஒரு கயிறு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒரு நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லாமல் ஒரே கயிற்றில் ஓடும். சாட்டிலைட்கள் இதைப் பயன்படுத்தி ஒரே அதிர்வெண்ணில் இரண்டு தனித்தனி சிக்னலை அனுப்ப முடியும். எல்என்பிக்குள்ளே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சிறு ஊசிகள் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்று. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் ஒன்று, 18 வோல்ட் அனுப்பினால் மற்றது. ஊசியும் அலை ஆடும் திசையும் ஒரே கோட்டில் இருந்தால்தான் முழுசாக வாங்கும்.

சாட்டிலைட் தன்னளவில் நேராகத்தான் நிற்கிறது. அதன் பக்கவாட்டு என்பது பூமத்திய ரேகைக்கு இணையான கோடு. ஆனால் நம் வானத்தில் அந்தக் கோடு சாய்ந்து தெரிகிறது. இதற்குச் சூரியன் போகும் பாதையை நினைத்தால் போதும். டெல்லியில் நின்று தெற்கே பார்த்தால் சாட்டிலைட்கள் வரிசையாக நிற்கும் வளைவு வானத்தில் பாதி உயரத்தில், கொஞ்சம் தட்டையாகப் போகும். நாம் தெற்கே வர வர அந்த வளைவு மேலேறி உச்சியை நெருங்கும், அதன் கிழக்குப் பக்கம் செங்குத்தாகிக்கொண்டே வரும். பூமத்திய ரேகையிலேயே நின்றால் அது கிழக்கில் நேராக எழும்பித் தலைக்கு மேலே போய் மேற்கில் நேராக இறங்கும். அங்கே கிழக்கில் இருக்கும் சாட்டிலைட்டின் 'பக்கவாட்டு' நமக்கு முழுக்க மேல்கீழ். ஸ்க்யூ 90.

கணக்கு ஒரு வரிதான். lat ஊரின் அட்சரேகை, lon தீர்க்கரேகை:

```
skew = atan( sin(93.5 - lon) / tan(lat) )
```

டெல்லிக்குப் போட்டால் 27. சென்னைக்கு 45. பாளையங்கோட்டைக்கு 60. ஒரே சாட்டிலைட், ஒரே டிஷ், ஒரே எல்என்பி. அசிமத்தும் எலிவேஷனும் ஊருக்கு ஊர் மாறும் என்று எல்லாருக்கும் தெரிகிறது, அவை தப்பானால் படமே வராது. ஸ்க்யூ தப்பானாலும் படம் வந்துவிடுகிறது. அதனால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்கு 33 டிகிரி பிசகு. அந்தக் கோணத்தில் வேண்டிய சிக்னலில் 70 சதவீதம்தான் ஊசிக்கு வரும். அது பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே அதிர்வெண்ணில் மற்ற திசையில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், அதில் 30 சதவீதம் கூடவே உள்ளே வரும். ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது பக்கத்தில் இன்னொருவர் பாதிக் குரலில் பேசிக்கொண்டே இருப்பது மாதிரி. ஸ்ட்ரெங்த் குறையாது, குவாலிட்டி மட்டும் விழும். 80-உம் 45-உம் அப்படி வந்தவை. பத்து டிகிரி பிசகினால் வேண்டாதது 3 சதவீதம்தான் வரும், தெரியவே தெரியாது. முப்பதைத் தாண்டினால் மழைக்கு ஒதுக்கி வைத்த இடத்தையெல்லாம் அது தின்றுவிடும்.

எந்தப் பக்கம் முறுக்குவது என்பதில் இன்னொரு குழி இருக்கிறது. சாட்டிலைட் நமக்குத் தெற்கிலிருந்து கிழக்கே சாய்ந்திருந்தால், டிஷ்ஷின் முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்க்கும்போது எல்என்பி கடிகார முள் ஓடும் திசையில் திரும்ப வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் அதற்கு எதிர்த்திசை. எங்கே நின்று சொல்கிறார்கள் என்று கேட்காமல் திருப்பினால் 60 எதிர்ப்பக்கம் போய்விடும். பெரும்பாலான எல்என்பியில் கேபிள் மாட்டும் முனை நேர் கீழே, ஆறு மணியில், இருந்தால் பூஜ்யம். எங்கள் ஊருக்கு முன்னால் நின்று பார்க்கும்போது அது எட்டு மணியில் இருக்க வேண்டும். நான் ஏழு மணிக்கும் முன்னால் நிறுத்தியிருந்தேன்.

கிளாம்ப் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். டிஷ்ஷை மறைக்காமல் பக்கவாட்டில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக. அம்மா கீழே டிவி முன்னால், அப்பா மாடிப்படியில் நின்று அஞ்சல் செய்கிறார். பாக்ஸ் எண்ணைக் காட்ட இரண்டு விநாடி எடுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தால், அப்பா கத்தும் எண் நான் ஏற்கெனவே தாண்டிவிட்ட இடத்துடையதாக இருக்கும். திருப்பு, கையை எடு, மூன்று எண்ணு, கேள்.

"அம்பத்தி ரெண்டாம்." "அறுவதாம்." "எழுவத்தி நாலு." "எழுவத்தி ஆறு." "மறுபடி எழுவத்தி ஆறு."

உச்சியில் எண் அசையாமல் நிற்பதால் அங்கே சரியான இடம் தெரியாது. இரண்டு பக்கமும் போய் எங்கே 70-க்கு இறங்குகிறது என்று பார்த்து, இரண்டு இடத்திலும் பென்சில் கோடு போட்டு, நடுவில் நிறுத்தினேன். அளவுகோலில் 58-ஐ ஒட்டி வந்தது. கணக்கு ஆரம்பிக்கும் இடத்தைத்தான் கொடுக்கும், முடிக்கும் இடத்தைக் குவாலிட்டி சொல்லும். ஸ்க்ரூவை முறுக்கும்போது எல்என்பி கூடவே திரும்பிவிடும் என்பதால், முறுக்கியபிறகு மறுபடி ஒருமுறை கேட்டேன். 76. இந்தத் தடவை அந்த இடத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு.

அசிமத், எலிவேஷன் போல்ட்டுகளை நான் தொடவே இல்லை. முதன்முதலில் மாட்டிய தம்பி எல்லாவற்றையும் சரியாகத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஸ்க்யூவையும்தான்.

அப்பாவிடம் சொன்னேன், மரமும் இல்லை, மழையும் இல்லை, நான்தான் என்று. கொஞ்ச நேரம் தென்னையைப் பார்த்தார். "அப்போ ஆள் யாரை வெட்ட வாரான்?" என்றார்.

ஆள் பத்தரைக்கு வந்தார். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அம்மா சொல்லி, காய் பறித்து, காய்ந்த மட்டைகளைக் கழித்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் ஒருநாள் ராத்திரி அப்பா போன் செய்தார். வீட்டில் நல்ல மழை. பேசாமல் போனை டிவி பக்கம் காட்டினார். கமென்ட்ரி சத்தம், அதற்கு மேல் மழைச் சத்தம். "நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் போச்சு, பேய் மழை. தானா வந்துட்டு" என்றார். அந்த ஐந்து நிமிடம் போகத்தான் செய்யும், அதை எந்தக் கோணமும் நிறுத்தாது என்றேன்.

"சரி" என்றார். பிறகு, "மரம் நல்லா ஆடிச்சு" என்றார்.